அச்சிட்ட நேரமும் ஆகாயத்துக் காற்றும்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8ஆம் தேதி மாலையில் நியூயார்க் நகரத்துக் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியின் போயிங் 747 விமானம் ஒன்று, அட்லாண்டிக் சமுத்திரம் முழுவதையும் 4 மணி 56 நிமிஷத்தில் கடந்து, மறுநாள் லண்டனில் ஐந்து மணி அடிப்பதற்கு முன்பே ஹீத்ரோ நிலையத்தில் இறங்கிவிட்டது. ஒலியை மிஞ்சிப் பறந்த கன்கார்டு விமானங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பிரயாணிகளைச் சுமந்துகொண்டு அந்த வழியில் அதுவரை அவ்வளவு விரைவாக யாரும் சென்றதில்லை. அந்த விமானத்துக்கு விசேஷமான எஞ்சின் எதுவும் பொருத்தப்படவில்லை. விமானி வழக்கத்தை மீறி அதைத் துரத்தவும் இல்லை. அதே வாரத்தில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சென்ற அதே வகை விமானங்களோ ஏழு மணிக்கு மேலும் ஆகாயத்தில் நின்று தவிக்க வேண்டியிருந்தது. இரு திசையிலும் தூரம் ஒன்றுதான், யந்திரம் ஒன்றுதான். ஆயினும் காலம் மட்டும் இப்படி வேறுபடுவானேன் என்பதையும், இவ்வளவு வேறுபடும் ஒன்றுக்கு டிக்கெட்டில் ஒரே ஒரு நேரத்தை அச்சிட்டுக் கொடுக்கிறார்களே, அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதையும் ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் அச்சிட்ட நேரம் எதிலிருந்து எதுவரை எண்ணப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிரயாணம் தொடங்குவதாகவும், சக்கரம் மறுபடி தரையைத் தொடும்போது முடிவதாகவும் நாம் நினைக்கிறோம். அட்டவணை போடுகிறவர்களின் கணக்கு அப்படியன்று. நிலையத்து வாயிலில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்துவிட்டு அது நகரத் தொடங்கும் நிமிஷத்திலிருந்து, போய்ச்சேரும் ஊரில் வாயிலில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நிமிஷம் வரையில் உள்ள காலத்தையே அவர்கள் கணக்கிடுகிறார்கள். இதற்கு அந்தத் தொழிலில் ‘பிளாக் டைம்’ என்று பெயர். கென்னடி நிலையத்தில் மாலை வேளையில் ஓடுபாதையின் முனையை எட்டுவதற்குள், முன்னே வரிசையாக நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரை மணி நேரம் கழிந்துபோவது சர்வசாதாரணம். அந்த அரை மணியும் அச்சிட்ட நேரத்துக்குள் அடங்கியதுதான்.

‘வந்து சேர்தல்’ என்ற சொல்லின் பொருளே ஒரு சமயம் நீதிமன்றம் ஏறியது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குச் சென்ற விமானம் ஒன்று தாமதமாகிவிட, அது தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிஷமாகவும், வாயிலில் போய் நின்றபோது 3 மணி 3 நிமிஷமாகவும் இருந்தது. மூன்று மணிக்கு மேல் தாமதமானால் நஷ்டஈடு தரவேண்டும் என்பது ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்ட விதி. ஆகவே ஐந்து நிமிஷ ஊர்தலுக்குள் முழு வழக்கும் அடங்கிவிட்டது. 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம், விமானத்தின் கதவுகளில் ஒன்றாவது திறக்கப்பட்டுப் பிரயாணிகள் வெளியேறலாம் என்ற நிலை வருங்கணமே வந்து சேர்ந்த நேரம் என்று தீர்ப்பளித்தது. மூடிய கதவுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன் ஊருக்கு வந்தவனாக மாட்டான் என்பது நியாயந்தானே!

இனி ஆகாயத்துக்குப் போவோம். கென்னடி நிலையத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே பூமியின் வளைவைத் தழுவிச் செல்லும் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், அங்குள்ள ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கு என்ற அளவில் பறக்கின்றன. அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டரளவுதான். ஆகவே விமானத்தின் வேகம் சுமார் 900 கிலோமீட்டர். காற்று அசையாமல் நிற்குமானால், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதைப் புறக்கணித்துவிட்டால், 5,540ஐ 900ஆல் வகுக்க, 6 மணி 9 நிமிஷம் என்று விடை வருகிறது. ஆனால் இந்த 900 கிலோமீட்டர் என்பது தரையைக் குறித்த வேகமன்று. சுற்றியிருக்கும் காற்றைக் குறித்த வேகம். வெள்ளம் புரளும் ஆற்றில் துடுப்புப் போடுகிறவன் தண்ணீரைக் குறித்து ஒரே சீராகத்தான் முன்னேறுகிறான்; கரையில் நிற்கும் மரங்கள் வேகமாகப் பின்னோடுவதும் மெல்ல நகர்வதும், அவன் ஓட்டத்தோடு போகிறானா, ஓட்டத்தை எதிர்த்துப் போகிறானா என்பதைப் பொறுத்தது. விமானத்துக்கும் அப்படியே. காற்று என்னும் ஆற்றில் அது மிதக்கிறது. அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அதையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

இங்கே பலருக்கும் எழக்கூடிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அதனால்தான் இரு திசைக்கும் காலம் வேறுபடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையானால் விளைவு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? விமானம் ஆகாயத்தில் நிற்க, பூமி மட்டும் கீழே உருள்வதாக வைத்துக்கொண்டால், லண்டனுக்கு மேலே எழும்பி அசையாமல் நின்றாலே போதும், ஐந்து மணி நேரத்தில் நியூயார்க்கின் தீர்க்கரேகை தானாகவே காலடிக்கு வந்து சேர்ந்துவிடும். மேற்கே போகிறவனுக்குப் பிரயாணம் சுலபமாகவும், கிழக்கே போகிறவனுக்குக் கடினமாகவும் இருக்கும். அனுபவமோ இதற்கு நேர்மாறு. பூமி சுழலும்போது அதன் வாயுமண்டலமும் உடன் சுழல்கிறது. விமானமும் புறப்படும் முன்பே அந்தச் சுழற்சியில் பங்குகொண்டுதான் நிற்கிறது. ஆகையால் சுழற்சி நேரடியாக எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மறைமுகமாக மட்டும் அதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

பூமத்திய ரேகையை ஒட்டிய பிரதேசங்களில் காற்று உஷ்ணத்தால் விரிந்து உயர்ந்து நிற்கிறது. துருவங்களை நோக்கிப் போகப் போகக் குளிரால் சுருங்கித் தாழ்ந்து கிடக்கிறது. ஆகவே பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மட்டத்தை எடுத்துப் பார்த்தால், தெற்கே அழுத்தம் அதிகமாகவும் வடக்கே குறைவாகவும் இருக்கும். காற்று தெற்கிலிருந்து வடக்கே சரிந்து ஓட முற்படுகிறது. அப்படி ஓடத் தொடங்கியதை, சுழலும் பூமியின் மேல் நகரும் எதையும் வடகோளத்தில் வலப்பக்கமாகத் திருப்பும் விதியானது, பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. குளிரும் உஷ்ணமும் முட்டிக்கொள்ளும் எல்லையில் இந்த ஓட்டம் குறுகித் திரண்டு, சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் பருமனும் கொண்ட ஒரு வேக நதியாக உருவாகிறது. இதுவே ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்னும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் வடதுருவம் உறைந்து கிடக்கும்போது உஷ்ண வித்தியாசம் மிகுவதால் அது பலமடைகிறது; கோடையில் தளர்கிறது. ஜப்பானில் தாதேனோ என்னுமிடத்து ஆராய்ச்சி நிலையத்தில் வாசபுரோ ஓயிஷி என்ற விஞ்ஞானி பலூன்களைப் பறக்கவிட்டு இந்த வேகக் காற்றை அளந்து, உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எண்ணி 1926ஆம் ஆண்டில் எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர் அதிகமில்லாததால், இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திகைத்த பிறகுதான் உலகம் அதை நன்றாக உணர்ந்தது.

உஷ்ண வித்தியாசமே இதற்குக் காரணம் என்பதற்கு நம் தலைக்கு மேலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் திபெத்தும் வட இந்தியாவும் பூமத்திய ரேகையைவிடக் கொதிப்படைந்துவிடுகின்றன. வித்தியாசத்தின் திசை மாறிவிடுகிறது. அதற்கேற்ப, ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகைக்கு மேலே, பதினைந்து கிலோமீட்டரளவு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் மற்றொரு ஜெட் காற்று தோன்றுகிறது. அதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். காரணம் தலைகீழானபோது காற்றும் தலைகீழாகிறது.

அட்லாண்டிக்குக்குத் திரும்புவோம். அங்கே சராசரியாக மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வழிநெடுகக் காற்று வீசுவதாகக் கொள்வோம். லண்டனுக்குப் போகும் விமானத்துக்கு அது பின்காற்று. 900உடன் 150ஐக் கூட்ட 1,050. பிரயாணம் 5 மணி 17 நிமிஷத்தில் முடிந்துவிடும். நியூயார்க்குக்குத் திரும்பும்போது அதுவே எதிர்காற்று. 900லிருந்து 150ஐக் கழிக்க 750. பிரயாணம் 7 மணி 23 நிமிஷம். போகும்போது கிடைத்த லாபம் 52 நிமிஷம்; வரும்போது பட்ட நஷ்டம் 74 நிமிஷம். காற்றில்லாத நாளில் போக வர ஆகக்கூடியதைவிடக் காற்றுள்ள நாளில் 21, 22 நிமிஷம் கூடவே ஆகிறது. போகும்போது தந்ததை வரும்போது எடுத்துக்கொண்டு காற்று கணக்கைச் சரிக்கட்டிவிடும் என்று நினைப்பது தவறு. எப்போதும் அது கொஞ்சம் வட்டியோடுதான் வசூலிக்கிறது. காரணம் எளிது: உதவும் காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது, எதிர்க்கும் காற்றிலோ நெடுநேரம் இருக்கிறது.

இந்த வட்டியைக் குறைக்க ஒரு யுக்தி உண்டு. காற்று எங்கும் ஒரே சீராக வீசுவதில்லை. நதியைப்போல வளைந்து நெளிந்து நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. ஆகவே கனடாவின் காண்டர் நகரிலும், ஐரோப்பியக் கரையில் ஷான்விக் என்ற பெயரில் இயங்கும் மையத்திலும் உள்ள கட்டுப்பாட்டாளர்கள், வானிலைக் கணிப்பைப் பார்த்து, அன்றன்றைக்கு அட்லாண்டிக்கின் மேல் இணைகோடுகளாகச் சில ஆகாயப் பாதைகளை வகுத்து வெளியிடுகிறார்கள். இரவில் கிழக்கு நோக்கிச் செல்லும் கூட்டத்துக்கு ஜெட் காற்றின் முதுகில் ஏற்றிவிடும் பாதைகள். பகலில் மேற்கு நோக்கிச் செல்பவர்களுக்கு அதை விலகிச் சுற்றும் பாதைகள். மேற்கே போகும் விமானம் கிரீன்லாந்தின் ஓரம் வரை வடக்கே ஏறிச் சுற்றிக்கொண்டு போவதைத் திரையில் கண்டு வியக்கிறவர்கள், அந்தச் சுற்று வழியே அன்றைக்குக் குறுக்கு வழி என்பதை அறிந்தால் வியப்பு நீங்கும். தூரத்தில் சில நூறு கிலோமீட்டர் கூடினாலும், காலத்திலும் எரிபொருளிலும் லாபமே.

2020 பிப்ரவரியில் நடந்தது இதன் உச்சம். ‘கியாரா’ என்று பெயரிடப்பட்ட புயல் ஐரோப்பாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஜெட் காற்று அசாதாரணமான பலத்தோடு நேர்கிழக்காக நீண்டு கிடந்தது. அதன் நடுவில் ஏறிய அந்த விமானம் தரையைக் குறித்து ஒரு சமயம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. விமானத்தின் சொந்த வேகத்தைக் கழித்துவிட்டால், காற்று மட்டும் 400 கிலோமீட்டரளவில் தள்ளியிருக்கிறது என்று தெரிகிறது. தரைமட்டத்தில் ஒலி செல்லும் வேகத்தைவிட 1,327 அதிகமல்லவா, ஒலித்தடையை அது உடைத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். உடைக்கவில்லை. விமானத்தின் இறக்கை அறிந்ததெல்லாம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டும். அந்தக் காற்றைக் குறித்து அது வழக்கமான வேகத்தில்தான் சென்றது. ஓடும் ரெயிலுக்குள் நடப்பவன் தண்டவாளத்தைக் குறித்துப் பறந்தாலும், பெட்டியைக் குறித்து நடக்கிறவனே அன்றோ?

இவ்வாறு ஒரே வழியில், ஒரே வகை விமானத்துக்கு, நாளுக்கு நாள் ஒரு மணிக்கும் மேலாகக் காலம் வேறுபடுகிறது. ஆனால் அட்டவணையோ பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டாக வேண்டும். உலகெங்கும் விமான அட்டவணை, மார்ச்சு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் கோடைப் பருவம், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் குளிர்ப் பருவம் என்று இரண்டாக வகுக்கப்படுகிறது. டிக்கெட் விற்கப்படும் நாளில், பிரயாண நாளின் காற்றை எந்தச் சோதிடனாலும் சொல்ல முடியாது. ஆகவே கம்பெனிகள் சென்ற ஆண்டுகளில் அதே பருவத்தில் அதே வழியில் உண்மையாக ஆன நேரங்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் ஏதோ ஓரிடத்தில் விரலை வைத்து ‘இதுவே நமது நேரம்’ என்று நிர்ணயித்துக்கொள்கின்றன.

எந்த இடத்தில் விரலை வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உதாரணத்துக்காக நூறு இரவுகளின் நேரங்களை வரிசையில் வைப்போம்; வாயிலிலிருந்து வாயிலுக்கு மிகக் குறைந்தது 6 மணி 5 நிமிஷம், மிக அதிகம் 7 மணி 25 நிமிஷம், நட்டநடுவில் நிற்பது 6 மணி 35 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான மனிதன் நடுவில் உள்ளதையே அச்சிடுவான் என்று தோன்றலாம். அப்படி அச்சிட்டால் நூற்றில் ஐம்பது நாள் விமானம் தாமதமாகும். பாதி நாள் வாக்குத் தவறுகிறவன் என்ற பெயர் கம்பெனிக்கு வந்துவிடும். அதனால் எண்பதாவது இடத்துக்குப் போய், 7 மணி நேரம் என்று அச்சிடுகிறார்கள். இப்போது நூற்றில் எண்பது நாள் குறித்த வேளையிலோ அதற்கு முன்னரோ விமானம் வந்துவிடும். பாதி நாட்களில் 25 நிமிஷமோ அதற்கும் மேலோ முன்னதாக வந்து நிற்கும். நடுவிலிருந்து எண்பதாவது இடத்துக்கு நகர்ந்த அந்த 25 நிமிஷத்தையே ‘பேடிங்’ என்கிறார்கள். தலையணைக்குப் பஞ்சு திணிப்பதுபோல அட்டவணைக்குள் திணித்த நிமிஷங்கள் என்று நாம் சொல்லலாம்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. லண்டனில் இறங்கிய விமானம் இரண்டு மணி நேரம் சுத்தம் செய்யப்பட்டு, எரிபொருளும் உணவும் ஏற்றப்பட்டு, வேறோர் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதிலிருந்து இறங்கியவர்களில் பலர் வேறு விமானங்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் நேர்ந்த 30 நிமிஷத் தாமதம், இடையில் உறிஞ்சிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால், அன்று முழுவதும் அந்த விமானம் செல்லும் ஒவ்வோர் ஊருக்கும் தொற்றுநோய்போலப் பரவும். திணித்த நிமிஷங்கள் அதைத் தடுக்கும் தடுப்புச்சுவர். ஆயினும் அதில் வியாபார யுக்தியும் கலந்தே இருக்கிறது. அமெரிக்க அரசாங்கம் 1987ஆம் ஆண்டிலிருந்து பெரிய உள்நாட்டுக் கம்பெனிகளின் நேரந்தவறாமையைக் கணக்கெடுத்துப் பகிரங்கமாக வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் அட்டவணை நேரத்துக்குப் பிறகு 15 நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்தால் ‘குறித்த நேரம்’ என்றே பொருள். நல்ல மதிப்பெண் பெற இரண்டு வழிகள் உண்டு: விமானத்தை ஒழுங்காக நடத்துவது ஒன்று, அட்டவணையை நீட்டிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழிக்கும் விலை இல்லாமல் இல்லை. அச்சில் நீட்டிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விமானியையும் சிப்பந்திகளையும் விமானத்தையும் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் நாலு தடவை பறக்கும் விமானத்தில் தடவைக்கு 20 நிமிஷம் திணித்தால், ஒரு மணி 20 நிமிஷம் சம்பாதிக்காமல் கழிகிறது. இந்த நஷ்டமும் கெட்ட பெயரால் வரும் நஷ்டமும் சமமாகும் இடத்தில்தான் கம்பெனியின் விரல் போய் நிற்கிறது.

இதை அறிந்தவர்களுக்கு, ‘புறப்படும்போது 25 நிமிஷம் தாமதமானாலும் வழியில் அதை ஈடுகட்டிக் குறித்த நேரத்தில் இறங்குகிறோம்’ என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது சிறு புன்னகை தோன்றும். விமானத்தை விரட்டி எவ்வளவு ஈடுகட்ட முடியும்? ஒலிவேகத்தில் 85 பங்காகப் பறப்பதை 86 பங்காக உயர்த்தினால் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம் கூடுகிறது. ஆறு மணி நேரப் பிரயாணத்தில் அது மிச்சம் பிடிப்பது 4 நிமிஷம். அதற்குமேல் விரட்டினால் எரிபொருள் செலவு மடமடவென்று ஏறும். யந்திரத்தின் பத்திரமான எல்லையும் நெருங்கிவிடும். மீதி 21 நிமிஷம் எங்கிருந்து வந்தது என்றால், பின்காற்றிலிருந்து வந்திருக்கலாம். இல்லாவிட்டால் அட்டவணைக்குள் முன்னமே திணித்து வைத்திருந்த பஞ்சிலிருந்து வந்திருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிப்பது கடினமன்று. முன் இருக்கையின் முதுகில் உள்ள திரையில் தரைவேகத்தைக் காட்டுகிறார்கள். உயரத்தில் சமமாகப் பறக்கும்போது அது மணிக்கு 1,050 என்று காட்டினால் 150 கிலோமீட்டர் காற்று பின்னே நின்று தள்ளுகிறது. 900 என்று மட்டும் காட்டியும் விமானம் நேரத்துக்கு இறங்கினால், அன்று உதவியது காற்றன்று, பஞ்சே.

ஆகாயத்தில் லாபம் கிடைத்தாலும் தரை அதைப் பறித்துக்கொள்வதுண்டு. ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். பெரும்பாலும் ஒன்று இறங்குவதற்கும் ஒன்று ஏறுவதற்கும் ஒதுக்கப்படுகிறது. ஆண்டொன்றுக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் என்ற சட்ட வரம்பை அது ஏறத்தாழ எட்டிக்கொண்டிருக்கிறது. சற்று நெரிசல் கூடினாலும் வந்தவர்கள் லண்டனைச் சுற்றியுள்ள பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நாலு இடங்களில் ஒன்றில் அடுக்கடுக்காக வட்டமிட்டுத் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அச்சிட்ட நேரத்துக்குள் இந்த வட்டமிடலுக்கும் சில நிமிஷங்கள் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையன்று.

இதில் ஒரு வினோதம் உண்டு. சமுத்திரத்தின் மேல் விமானங்களைத் தள்ளிக்கொண்டு வந்த அதே மேற்கத்திய புயல், லண்டனில் இறங்கும்போது எதிரியாகிவிடுகிறது. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே இறங்கும். ஒன்றன்பின் ஒன்றாக இறங்குபவற்றுக்கு இடையே 7.4 கிலோமீட்டர் இடைவெளி என்று வைத்து, இறங்கும் வேகம் 260 கிலோமீட்டர் என்று கொண்டால், அடுத்தது இறங்க 102 விநாடி ஆகும். மணிக்கு 35 விமானங்கள் இறங்கலாம். எதிரே 60 கிலோமீட்டர் காற்று வீசினால் தரைவேகம் 200ஆகக் குறைந்து, அதே இடைவெளியைக் கடக்க 133 விநாடி ஆகிறது. மணிக்கு 27 மட்டுமே இறங்க முடிகிறது. எட்டு விமானங்கள் வரிசையில் தேங்கிவிடுகின்றன. அன்று சீக்கிரம் வந்தவர்கள் எல்லாரும் சீக்கிரம் வந்ததனாலேயே ஒரே சமயத்தில் கூடிக் காத்திருப்பார்கள். இதைக் கண்டுதான் 2015ஆம் ஆண்டில் ஹீத்ரோவில், காற்று பலமாக வீசும்போது இடைவெளியைக் கிலோமீட்டரில் அளக்காமல் விநாடியில் அளக்கும் முறையைப் புகுத்தினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, நெரிசல் தெரிந்துவிட்டால் 350 மைல் தூரத்தில் வரும்போதே விமானத்தின் வேகத்தைக் குறைத்துவிடும் ஏற்பாடும் தொடங்கிற்று. வட்டமிட்டு எரிபொருளை வீணாக்குவதைவிட மெதுவாக வருவது மேலல்லவா?

இவ்வளவையும் கடந்து முன்னதாகவே தரையைத் தொட்டாலும், வாயில் காலியாக இருக்க வேண்டுமே! அங்கே நிற்கும் விமானம் தன் அட்டவணைப்படிதான் கிளம்பும். நாம் சீக்கிரம் வந்ததற்காக அது சீக்கிரம் போகாது. இறங்கி நின்ற இடத்திலேயே எஞ்சின் முனகிக்கொண்டிருக்க, அரை மணி உட்கார்ந்திருந்த அனுபவம் அந்த வழிகளில் போகிறவர்களுக்குப் புதிதன்று. கொலோன் வழக்கில் நீதிபதிகள் கதவைப் பார்த்துத் தீர்ப்பளித்தது எவ்வளவு சரி என்பது அப்போது விளங்கும்.

இந்தக் கணக்குகளும் நிலையானவை அல்ல. இங்கிலாந்தில் ரெடிங் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாயுமண்டலத்தில் கரியமில வாயு இருமடங்காகுமானால் குளிர்கால அட்லாண்டிக் ஜெட் காற்று வலுவடையும் என்று கணித்துக் காட்டினார். 5 மணி 20 நிமிஷத்துக்குள் லண்டனை எட்டும் பிரயாணங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகும். நியூயார்க்குக்குப் போக 7 மணிக்கு மேல் ஆகும் பிரயாணங்களும் ஏறத்தாழ இருமடங்காகும். நாம் மேலே பார்த்த வட்டிக் கணக்கு இங்கேயும் பொருந்தும்: போகும்போது கிடைக்கும் லாபத்தைவிட வரும்போது படும் நஷ்டமே மிகும்.

முதலில் சொன்ன அந்த விமானத்துக்கே திரும்பி முடிப்போம். அந்த வழியில் ஆகாயத்தில் ஆகும் சராசரி நேரம் அப்போது 6 மணி 13 நிமிஷம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அது பறந்த நேரத்தை இதிலிருந்து கழித்தால் 77 நிமிஷம். அந்த 77 நிமிஷமும் கியாராவின் காற்று கொடுத்தது. அதற்குமேல் அட்டவணையில் முந்தியதெல்லாம், ஊர்வதற்கும் வட்டமிடுவதற்கும் தற்காப்புக்கும் என்று கம்பெனி ஒதுக்கி வைத்து அன்றைக்குச் செலவழிக்காமல் போன நிமிஷங்கள். அந்தப் புயல் பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பருவம் முழுவதையும் மனத்தில் வைத்து, காற்றைப் பற்றி ஒன்றும் அறியாமல் யாரோ ஒருவர் தீர்மானித்த நேரம் அந்த டிக்கெட்டில் இருந்தது. அந்த இரவு அதில் ஏறியவர்களும், காற்று மந்தமாய்க் கிடந்த வேறோர் இரவில் ஏறியவர்களும் கையில் வைத்திருந்தது ஒரே எண்ணைத்தான்.